லாபம் அறுபதாயிரம், கல்லாவில் எங்கே?

“போன மாசம் அறுபதாயிரம் லாபம்னு காட்டியிருக்கீங்க சார். ஆனா மாசம் பிறந்தப்ப இருந்த பணத்துல எழுபத்தெட்டாயிரம் குறையுதே. அந்த லாபம் எங்க போச்சு?”

சிறு கடை வைத்திருப்பவர்கள் கணக்காளரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கணக்காளர் பெரும்பாலும் கம்ப்யூட்டரைத் தட்டி எட்டுப் பக்கம் அச்செடுத்துக் கொடுப்பார். அதில் பிழை இருக்காது. லாபம் அறுபதாயிரம் என்பதும் உண்மை, பணம் குறைந்தது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் அந்த எட்டுப் பக்கத்தில் எங்கேயும் ஓரிடமாக இருக்காது.

காரணம் பேரேடு எழுதப்படும் விதம். கடனுக்கு வாங்கிய ஒவ்வொரு பார்ட்டிக்கும், சரக்கு கொடுத்த ஒவ்வொரு கம்பெனிக்கும், வாடகை, கூலி, கரண்ட் பில், வட்டி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். மென்பொருளும் அந்த வரிசையில்தான் அச்சடிக்கிறது. வரி தாக்கலுக்கும் தணிக்கைக்கும் அந்த வரிசை பொருந்தும். கடை நடத்துகிறவரின் கேள்விக்கோ பத்துப் பக்கங்களிலிருந்து பத்து எண்களை எடுத்து வேறு வரிசையில் அடுக்க வேண்டும். எந்தப் பத்து, எந்த வரிசை என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். “ஒரு ரிப்போர்ட் குடுங்க சார்” என்று வாயால் சொன்னால், மறுபடியும் அதே எட்டுப் பக்கம்தான் வரும். அதனால் கடிதமாக எழுதிக் கொடுப்பது நல்லது.

அப்படி ஒரு மாதிரிக் கடிதத்தை இங்கே பகுதி பகுதியாகப் பார்க்கலாம். கடை கற்பனை, எண்கள் கற்பனை. ஒரு தாலுகா தலைநகரில் பிவிசி பைப், ஒயர், பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் பத்து லட்சம் வியாபாரம். பாதிக்கு மேல் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கட்டட மேஸ்திரிகளுக்குக் கடன். கணக்காளர் வாரம் இரண்டு நாள் மாலையில் வந்து பில்களைப் பதிவு செய்கிறவர்.

*

“மதிப்பிற்குரிய சார், வணக்கம்.

மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் இருப்பாய்வும் லாப நட்டக் கணக்கும் சரியாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்த வேண்டாம். அவற்றுக்கு மேலே ஒரே ஒரு தாள் சேர்த்து வைத்துக் கொடுங்கள். கடை அடைத்தபின் பத்து நிமிடத்தில் நான் படித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

அதில் நான்கு பகுதி போதும். முதலில் வியாபாரமும் லாபமும். இரண்டாவது எனக்கு வரவேண்டிய பாக்கி. மூன்றாவது நான் கொடுக்கவேண்டிய பாக்கி. நான்காவது, லாபத்தில் ஆரம்பித்துக் கையில் இருக்கும் பணத்தில் முடியும் ஒரு கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண் வேண்டும்: இந்த மாதம், போன மாதம், போன வருஷம் இதே மாதம்.”

மூன்றாவது எண்ணைப் பலர் கேட்பதில்லை. ஆனால் நம் ஊர் ஹார்டுவேர் வியாபாரத்துக்குப் போன மாதத்தைவிடப் போன வருடம்தான் நியாயமான அளவுகோல். ஆடியில் புதுமனை புகுவிழா கிடையாது, ஆவணியில் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பெயிண்ட் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நின்று பைப் தேங்கும். ஆவணியை ஆடியோடு ஒப்பிட்டு “வியாபாரம் ஏறிவிட்டது” என்று மகிழ்வதில் பொருளில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தீபாவளி ஒரு வருடம் அக்டோபரில் வரும், இன்னொரு வருடம் நவம்பரில் வரும். அந்த இரண்டு மாதங்களை மட்டும் சேர்த்து ஒப்பிடுவது நல்லது.

*

“முதல் பகுதியில் விற்பனை என்று போடும்போது ஜி.எஸ்.டி. நீக்கிய தொகையைப் போடுங்கள். செப்டம்பரில் பில் மொத்தம் 11,80,000. அதில் 1,80,000 வரி. என் விற்பனை 10,00,000தான். கொள்முதலையும் அப்படியே வரி நீக்கிப் போடுங்கள்.

அதற்குக் கீழே ஆரம்ப இருப்பு, கொள்முதல், கடைசி இருப்பு மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். விற்ற சரக்கின் அடக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். மொத்த லாபத்தை ரூபாயிலும் விற்பனையின் சதவீதத்திலும் போடுங்கள்.”

இந்தக் கடைக்குச் செப்டம்பர் கணக்கு இப்படி வருகிறது. மாதத் தொடக்கத்தில் சரக்கு இருப்பு 14,20,000. மாதத்தில் வாங்கியது 9,10,000. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்த இருப்பு 14,90,000. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், விற்றுப்போன சரக்கின் அடக்கம் 8,40,000. பத்து லட்சத்தில் அது போக மொத்த லாபம் 1,60,000, அதாவது 16 சதவீதம்.

இந்த 16 சதவீதம்தான் முதல் பகுதியின் உயிர்நாடி. அதே சமயம் தாளிலேயே எளிதில் கெட்டுப்போகும் எண்ணும் இதுதான். கெடுவதற்கு வழிகள் பல உண்டு. அடிக்கடி நடப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைசி இருப்பைப் பதிவு செய்யாமல் விடுவது முதல் வழி. பல சிறு கடைகளில் பொருள்வாரிக் கணக்குக் கிடையாது. பணக் கணக்கு மட்டும்தான். இருப்பின் மதிப்பை யாராவது மாதா மாதம் எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய எண்ணே கடைசி இருப்பாக நின்றுவிடும். வாங்கியதெல்லாம் விற்றுப்போனது போலக் கணக்கு ஆகும். நம் கடைக்கு அப்படி நடந்தால் மொத்த லாபம் 90,000, அதாவது 9 சதவீதம் என்று வரும். தீபாவளிக்கு முன்கூட்டி வாங்கி அடுக்கிய பெயிண்ட் டப்பாக்கள் குடோனில் இருக்க, கணக்கில் அவை நஷ்டமாகத் தெரியும்.

அடுத்தது பில் தேதிச் சிக்கல். 29ஆம் தேதி 85,000 ரூபாய்க்குப் பைப் லோடு வந்து இறங்குகிறது. பில் பையில் கிடந்து அக்டோபர் 3ஆம் தேதி பதிவாகிறது. 30ஆம் தேதி இரவு சரக்கு எண்ணும்போது அந்தப் பைப்பும் எண்ணப்பட்டுவிட்டது. இப்போது இருப்பில் பைப் உண்டு, கொள்முதலில் இல்லை. மொத்த லாபம் 2,45,000 என்று வீங்கி, சதவீதம் 24.5 ஆகிவிடும். அடுத்த மாதம் அதே 85,000 குறைந்து லாபம் பள்ளத்தில் விழும். ஒரு மாதம் திடீரென்று ஏறி அடுத்த மாதம் அதே அளவு இறங்கும் மொத்த லாபத்தைப் பார்த்தால், வியாபாரத்தைச் சந்தேகிக்கும் முன் மாதக் கடைசி மூன்று நாள் பில்களைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, எந்த விலையில் எண்ணுவது என்பது. பையன்கள் சரக்கை எண்ணி, டப்பாவில் அச்சடித்த எம்.ஆர்.பி.யால் பெருக்கிவிடுவார்கள். அல்லது வாங்கிய பில்லின் கடைசித் தொகையைப் பார்த்து வரியோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கொள்முதல் வரி நீக்கியும் இருப்பு வரி சேர்த்தும் இருந்தால், இல்லாத லாபம் ஒன்று முளைக்கும். இது ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி நடந்தால் சதவீதம் பெரிதாக ஆடாது. அதனால் கண்ணில் படவும் படாது. வருடக் கடைசியில் தணிக்கையின்போதுதான் பிடிபடும். அதனால்தான் கடிதத்தில் இப்படி ஒரு வரி தேவைப்படுகிறது:

“இருப்புப் பட்டியலை வரி நீக்கிய வாங்கிய விலையில் நானே எழுதித் தருகிறேன். 30ஆம் தேதிக்குள் இறங்கிய சரக்குக்கு பில் வராவிட்டால், டெலிவரி சலானைப் பட்டியலோடு இணைத்துத் தருகிறேன். அதைக் கொள்முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

எல்போ, டீ, கப்ளிங், ஸ்க்ரூ என்று இரண்டாயிரம் உருப்படி இருக்கும் கடையில் மாதாமாதம் முழுசாக எண்ண முடியுமா? முடியாது. பைப், ஒயர், பெயிண்ட், மோட்டார் போன்ற விலையுயர்ந்த சரக்கை மட்டும் மாதம் தவறாமல் எண்ணிவிட்டு, சில்லறை உருப்படிகளுக்குக் கடைசியாக முழுசாக எண்ணியபோது இருந்த மதிப்பையே வைத்துக்கொள்வது நடைமுறை வழி. எது எண்ணியது, எது ஊகம் என்று தாளில் குறித்துவிட வேண்டும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. “வழக்கமாக 16 சதவீதம் லாபம் வரும், அதை வைத்து இருப்பைக் கணக்குப் போட்டுவிடுவோம்” என்று சில கணக்காளர்கள் சுருக்கு வழி எடுப்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மாதமும் லாபம் 16 சதவீதம் என்றுதான் வரும். திருட்டுப் போனாலும் அதுதான், விலையைக் குறைத்து விற்றாலும் அதுதான். கேள்வியிலேயே விடையை எழுதிவைத்த கணக்கு அது.

செலவுகளைப் பற்றிக் கடிதத்தில் நீட்ட வேண்டியதில்லை. வாடகை 22,000, சம்பளமும் கூலியும் 48,000, கரண்ட் 6,000, வண்டி வாடகை 9,000, வட்டி 8,000, இதரம் 7,000. ஆக ஒரு லட்சம். மொத்த லாபத்தில் அது போக நிகர லாபம் 60,000. இங்கே இரண்டு இடங்களில் மட்டும் கண் வேண்டும். ஒன்று வங்கித் தவணை. மாதத் தவணை 23,000 என்றால் அதில் வட்டி 8,000 மட்டுமே செலவு. மீதி 15,000 அசலை அடைப்பது. முழுத் தவணையையும் செலவில் எழுதினால் லாபம் 45,000 ஆகக் குறைந்து தெரியும். இன்னொன்று ‘இதர செலவு’ என்ற பக்கம். பெயர் வைக்கத் தெரியாததெல்லாம் அங்கே போய் விழும். அது மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதிவிடலாம்.

*

“இரண்டாவது பகுதியில் எல்லாப் பார்ட்டி பெயரையும் போட வேண்டாம். மொத்தப் பாக்கியை வயது வாரியாக நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களின் பெயர், தொகை, அவர்கள் கடைசியாகப் பணம் கொடுத்த தேதி மட்டும் கீழே வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் யாருக்குச் சரக்கை நிறுத்துவது என்று முடிவு செய்வேன்.

பார்ட்டி பில் எண் சொல்லாமல் ரவுண்டாகப் பணம் கொடுத்தால், அவருடைய ரொம்பப் பழைய பில்லில் முதலில் கழியுங்கள்.”

நம் கடையின் செப்டம்பர் பாக்கி 7,60,000. அதில் 4,10,000 முப்பது நாளுக்குள். 1,90,000 அறுபதுக்குள். 70,000 தொண்ணூறுக்குள். 90,000 தொண்ணூறு நாளைத் தாண்டியது. மொத்த எண் எதையும் சொல்லாது. இந்த நான்கு கட்டங்கள்தான் பேசும். கடைசிக் கட்டம் மூன்று மாதமாக ஒரே எண்ணில் நின்றால் வசூல் நடக்கவில்லை என்று பொருள். முதல் கட்டம் மட்டும் பெருகினால் வியாபாரம் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வயதுக் கணக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், பழைய பில்லில் கழிக்கச் சொன்ன அந்தக் கடைசி வரி அவசியம். மேஸ்திரிகள் பில்லுக்குப் பணம் கொடுப்பதில்லை. வீட்டுக்காரரிடம் வாங்கியதும் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். கணக்காளருக்கு எந்தப் பில் என்று தெரியாது. அதனால் எந்தப் பில்லோடும் சேர்க்காமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று எழுதிவைப்பார். பார்ட்டியின் மொத்தப் பாக்கி சரியாகத்தான் இருக்கும். வயதுப் பட்டியலில் மட்டும் அவர் எப்போதோ கட்டிமுடித்த மார்ச் மாத பில் இன்னும் 90 நாளுக்கு மேல் நிலுவை என்று நிற்கும். ஒழுங்காகப் பணம் கொடுக்கிறவரிடம் போய்க் கடன் கேட்டு மனஸ்தாபம் வருவது இப்படித்தான். வயதுப் பட்டியலில் ஒரே பார்ட்டிக்குப் பழைய பாக்கியும் கூடவே மைனஸ் தொகையும் இருந்தால், அங்கே கழிக்காத பணம் கிடக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் இருப்பது இன்னொரு நோய். ‘முருகன் பிளம்பர்’ என்று ஒன்று, ‘பிளம்பர் முருகன்’ என்று ஒன்று. சரக்கு ஒன்றில் ஏறும், பணம் மற்றதில் விழும். கடிதத்தோடு பார்ட்டிகளின் பெயர்ப் பட்டியலை, கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தோடு, ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் இது தீரும்.

கடைசிப் பணம் கொடுத்த தேதி ஏன் என்றும் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டு வசூலிக்கச் சட்டம் தரும் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். கடன்பட்டவர் நடுவில் எழுத்தாகப் பாக்கியை ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். யாரும் பிளம்பர்மீது வழக்குப் போடப் போவதில்லைதான். ஆனால் பெரிய பாக்கி வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் வருடத்துக்கு ஒருமுறை பாக்கிப் பட்டியலில் கையெழுத்து வாங்கிவைக்கும் பழைய வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது.

*

கொடுக்கவேண்டிய பாக்கிக்கும் வயதுக் கட்டங்கள் வேண்டும், ஆனால் அதே கட்டங்கள் அல்ல. கடிதம் இங்கே 45 நாள், 180 நாள் என்று இரண்டு கோடுகளைக் கேட்கிறது.

சிறு, குறு தொழிலாகப் பதிவு செய்த உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து இதற்கு வருமான வரியிலும் பல் முளைத்துவிட்டது. கெடு தாண்டி, நிதியாண்டு முடிந்தும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழியும். விற்றவர் உற்பத்தியாளராக இல்லாமல் வெறும் வியாபாரியாக இருந்தால் இந்த விதி பொருந்தாது. ஆகவே சப்ளையர் பெயருக்குப் பக்கத்தில் அவர் யார் என்ற குறிப்பு வேண்டும்.

180 நாள் என்பது ஜி.எஸ்.டி. சட்டம் போட்ட கோடு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தகராறில் நிறுத்திவைத்த பில்கள்தான் பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டும். கடையில் எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள்.

*

“நான்காவது பகுதிதான் எனக்கு முக்கியம். நிகர லாபத்தில் ஆரம்பியுங்கள். பணம் எங்கெல்லாம் போய் முடங்கியது, எங்கிருந்தெல்லாம் வந்தது என்று ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழித்து வாருங்கள். கடைசி வரி, கல்லாவிலும் பேங்கிலும் இருக்கும் பணத்தோடு பைசா மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ‘சஸ்பென்ஸ்’ என்று போட்டுச் சரிக்கட்டாதீர்கள். வித்தியாசத்தை வித்தியாசம் என்றே எழுதுங்கள்.”

தாளில் அது இப்படி இருக்கும்:

நிகர லாபம்: +60,000
பார்ட்டி பாக்கி கூடியது (6,40,000லிருந்து 7,60,000): –1,20,000
சரக்கு இருப்பு கூடியது (14,20,000லிருந்து 14,90,000): –70,000
சப்ளையர் பாக்கி கூடியது (8,10,000லிருந்து 9,20,000): +1,10,000
கட்டவேண்டிய ஜி.எஸ்.டி. குறைந்தது (24,200லிருந்து 16,200): –8,000
வங்கிக் கடன் அசல்: –15,000
வீட்டுக்கு எடுத்தது: –35,000
மாதத்தின் மாற்றம்: –78,000
ஆரம்பக் கையிருப்பு: 2,13,000
கடைசிக் கையிருப்பு: 1,35,000

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அறுபதாயிரம் லாபம் காணாமல் போகவில்லை. மேஸ்திரிகளிடம் கூடுதலாக ஒரு லட்சத்து இருபதாயிரமும், குடோனில் பெயிண்டாக எழுபதாயிரமும் போய் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் சப்ளையர்கள் தாங்கியிருக்கிறார்கள். மீதியைக் கடையின் சொந்தப் பணம் தாங்கியது.

ஒவ்வொரு வரியும் இரண்டு தேதிகளின் பேரேட்டு இருப்புக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான். வரவேண்டியது கூடினால் பணம் குறையும். கொடுக்கவேண்டியது கூடினால் பணம் மிஞ்சும். சரக்கு கூடினால் பணம் குறையும். இந்த மூன்றும் பிடிபட்டால் இந்தப் பகுதியை யாராலும் படிக்க முடியும். இதில் கவனிக்க வேண்டிய வரி சப்ளையர் பாக்கி. அது கூட்டல் குறியோடு நிற்பதால் நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அடுத்த மாதங்களில் கொடுத்தாக வேண்டிய பணம். தீபாவளிக்குப் பெயிண்ட் விற்று, விற்ற பணம் ரொக்கமாக வந்தால் சமாளிக்கலாம். அதுவும் கடனுக்கே போனால் 1,35,000 கையிருப்பு போதாது.

ஜி.எஸ்.டி. வரிக்கு ஒரு விளக்கம் தேவை. விற்பனையில் வசூலித்த வரி 1,80,000. கொள்முதல் 9,10,000க்கு 18 சதவீதம் கொடுத்த வரி 1,63,800. இரண்டுக்கும் வித்தியாசம் 16,200 செப்டம்பருக்கானது. மாதா மாதம் தாக்கல் செய்யும் கடை இதை அக்டோபர் 20க்குள் கட்டும். செப்டம்பரில் உண்மையில் கட்டியது ஆகஸ்டுக்கான 24,200. கல்லாவில் இருக்கும் பணத்தில் 16,200 அரசாங்கத்துடையது என்பதை இந்த வரி நினைவுபடுத்துகிறது.

இந்த 16,200ஐ மாத முதல் வாரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. நமக்கு விற்றவர் தன் பில்லை 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி நம் கணக்கில் உருவாகும் 2பி பட்டியலில் அந்தப் பில் வந்தால்தான் அந்த மாதம் உள்வரி எடுக்க முடியும். 50,000 ரூபாய்ப் பில் ஒன்றை அவர் ஏற்றாமல் விட்டால் 9,000 உள்வரி கைவிட்டுப் போய், கட்டவேண்டியது 25,200 ஆகிவிடும். அதனால் கடிதம் இரண்டு தேதிகளைக் கேட்கிறது. தாள் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், அதில் ஜி.எஸ்.டி. வரிக்குப் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று இருக்கலாம். 2பி-யில் வராத பில்களின் பட்டியல் 15ஆம் தேதி தனியாக வர வேண்டும். சப்ளையருக்குப் போன் போட அப்போதுதான் ஐந்து நாள் கிடைக்கும்.

கடைசி வரி பேங்க் பாஸ்புக்கோடு நேரடியாக ஒத்துப்போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையிருப்பு 1,35,000இல் கல்லா ரொக்கம் 30,000, பேங்கில் கணக்குப்படி 1,05,000. பாஸ்புக் 1,30,000 என்று காட்டலாம். சப்ளையருக்குக் கொடுத்த 25,000 ரூபாய் செக்கை அவர் இன்னும் போடவில்லை. அந்த 25,000ஐத் தனி வரியாகத் தாளின் அடியில் எழுதிவிட்டால் பாஸ்புக்கைப் பார்த்துச் செலவு செய்யும் ஆபத்து இல்லை. கல்லா ரொக்கத்தைக் கணக்கிலிருந்து எழுதக் கூடாது. 30ஆம் தேதி இரவு எண்ணிய தொகையைத்தான் எழுத வேண்டும். கணக்கில் 30,000, எண்ணினால் 26,400 என்றால் அந்த 3,600தான் கடைக்காரர் தேடவேண்டியது.

வீட்டுக்கு எடுத்த 35,000 பற்றிக் கணக்காளர்கள் கூச்சத்தால் கேட்பதில்லை. கடையின் யு.பி.ஐ.யிலிருந்து பள்ளிக் கட்டணம் போகும். வீட்டு மளிகைக்குக் கல்லாவிலிருந்து ரொக்கம் எடுப்பார்கள். பெயர் தெரியாத பணத்தைக் கணக்காளர் இதர செலவில் எழுதிவிட்டால் லாபம் குறையும். எழுதாமல் விட்டால் கல்லா உதைக்கும். கடைக்காரரே எழுதிக் கொடுத்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

*

இப்படியொரு கடிதத்தைப் பெறும் கணக்காளர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. தாள் அவர் கையில் இருந்தாலும் அதற்கு வேண்டிய பாதிச் செய்தி கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. அதனால் கடிதத்தின் கடைசிப் பகுதி கேட்பதை விட்டுவிட்டுக் கொடுப்பதைப் பேச வேண்டும்.

“சார், 1ஆம் தேதி காலை இருப்புப் பட்டியலும் கல்லா எண்ணிக்கையும் உங்களுக்கு வந்துவிடும். கொள்முதல் பில்கள் எல்லாம் 3ஆம் தேதிக்குள். வீட்டுக்கு எடுத்த தொகைகளையும், யாருடையது என்று தெரியாத யு.பி.ஐ. வரவுகளின் விளக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு வைக்கிறேன். 3ஆம் தேதிக்குப் பிறகு நான் கொண்டுவரும் செப்டம்பர் பில்லை அந்தத் தாளில் நுழைக்க வேண்டாம். அடுத்த மாதத் தாளில் ‘முந்தைய மாத பில்’ என்று தனி வரியாகக் காட்டுங்கள். கொடுத்த தாளைப் பின்னால் திருத்தினால் எந்த எண்ணை நம்புவது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

முதல் தாளை நீங்கள் தயாரிக்கும்போது ஒருநாள் கூடவே உட்காருகிறேன். ஒவ்வொரு வரியும் பேரேட்டில் எந்தப் பெயர்களின் கூட்டல் என்று பின்பக்கத்தில் எழுதிவைத்துவிடுவோம். வேறு ஆள் வந்து செய்தாலும் அதே தாள் வர வேண்டும்.

இது கூடுதல் வேலை என்று தெரியும். மாதம் எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள.”